பெயர்ப் பட்டியல் இல்லாத ஒரு வரவேற்புரை

(நம் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியில் கட்டி முடிக்கப்பட்ட வேதியியல் ஆய்வகக் கட்டடத்தின் திறப்பு விழாவில், நம் சங்கத்தின் சார்பில் நான் பேசியது. வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறேன்.)



விழாவைத் தொடங்கி வைக்க வந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அம்மா அவர்களையும், தலைமை ஆசிரியை, ஆசிரியப் பெருமக்கள், பெற்றோர், மாணவச் செல்வங்கள் எல்லோரையும் வருக வருக என்று வரவேற்கிறேன்.

வெயில் ஏறிவிட்டது, பிள்ளைகள் காலையிலிருந்து நிற்கிறார்கள். எனவே நன்கொடையாளர் பெயர்களை மேடையில் வாசிக்கப் போவதில்லை. நன்கொடை தந்த ஒவ்வொருவரின் பெயரும் வாசலில் உள்ள பலகையில் அகர வரிசைப்படி இருக்கிறது. தொகை எழுதவில்லை. 500 ரூபாய் தந்தவரும் 5 லட்சம் தந்தவரும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் அலுவலக மேசையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

ஆய்வகம் என்றதும் நம் தமிழ்நாட்டில் ஒருவர் நினைவுக்கு வருவார். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்த வள்ளல் அழகப்பர். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கொடுத்தவர் பெயரும் திறந்தவர் பெயரும் நமக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தின் குழாயை எங்கே திருப்ப வேண்டும் என்று யோசித்தவர் பெயர் தெரியாது. இன்று அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் வந்த வரைபடத்தில் ஆய்வகத் தொட்டிகளின் கழிவுக் குழாய்கள் எல்லாம் தெருச் சாக்கடையில் சேர்வதாக இருந்தது. அஸ்திவாரம் தோண்டும்போது கொத்தனார் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்த ஆசிட் தண்ணி எங்கீங்க போகுது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் வரைபடம் மாறியது.

வேறு ஊரில் இந்தக் கேள்வி எழாமல் போயிருக்கலாம். நம் ஊரில் எழாமல் இருக்க முடியாது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று வந்த உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பனியன் தொழிலில் பிழைக்கும் எந்த வீடும் அந்த ஆண்டை மறக்காது. அதற்கு முன்பும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கத்தான் செய்தன. அவை நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் நிலம் உவர்ந்தது.

நம் சங்கத்தில் ஓர் உறுப்பினர் சாயப்பட்டறை சுத்திகரிப்பு நிலையத்தில் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காகிதத்தில் போட்டுக் கொடுத்த திட்டம்தான் கட்டடத்தின் பின்புறம் நீங்கள் பார்க்கும் தொட்டி. அதை எளிமையாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு மேசையிலும் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. சிவப்புப் பட்டை போட்ட தொட்டியில் மீதமான அமிலத்தையும், சோதனைக் குழாயை முதல் முறை அலசிய தண்ணீரையும் மட்டும் ஊற்ற வேண்டும். அடுத்தடுத்து அலசும் தண்ணீர் மற்ற தொட்டிக்குப் போகும். சிவப்புத் தொட்டித் தண்ணீர் பின்புறம் உள்ள சுண்ணாம்புக்கல் ஜல்லித் தொட்டியில் அடியில் நுழைந்து மேலே வழியும். அமிலம் கல்லில் பட்டதும் நுரைக்கும். அதன் காரம் அங்கேயே தணியும். வெளிவரும் இடத்தில் பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்தால் 6-க்கும் 8-க்கும் இடையில் காட்ட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கந்தக அமிலம் அதிகம் போனால் ஜல்லியின் மேல் ஜிப்சம் படிந்து ஓடு போல மூடிக்கொள்ளும். கல் இருக்கும், வேலை செய்யாது. நுரை நின்றுவிட்டதும் தாள் சிவந்து காட்டுவதும்தான் அடையாளம். அப்போது ஜல்லியை எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் மாற்ற வேண்டும்.

அமிலம் தணிந்தாலும் உப்பு தண்ணீரிலேயே இருக்கும். நம் ஊர் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் அது. எனவே அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகவில்லை. 6 அடி நீளம், 4 அடி அகலம், அரை அடி ஆழம் உள்ள திறந்த தொட்டியில் வெயிலில் வற்றுகிறது. ஒரு மாணவருக்கு 200 மில்லி என்று வைத்தால் 40 பேர் வகுப்புக்கு 8 லிட்டர். கோடையில் அந்தத் தொட்டியில் நாளுக்குச் சுமார் 10 லிட்டர் வற்றும். ஆக, ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு என்றால் வரவும் செலவும் சரியாக வரும். இரண்டு வகுப்பு நடத்தினால் தொட்டி மெல்ல மெல்ல நிறையும். மழைக்காலத்தில் மேலே தகரம் போட்டு, மிச்சத்தைக் கேனில் பிடித்து வைக்க வேண்டும். கால அட்டவணை போடும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கையும் மனதில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஈயம், செம்பு, பேரியம் கலந்த உப்புக் கரைசல்கள் இந்தத் தொட்டிக்கே வரக்கூடாது. சுண்ணாம்புக்கல்லை நம்பி அவற்றை விட முடியாது. அவற்றுக்கு மூடி போட்ட தனிக் கேன் இருக்கிறது. அது நிறைந்ததும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு நம் சங்கம் ஒரு சிறு வைப்புத் தொகை போட்டிருக்கிறது. அதன் வட்டியை வேறு எதற்கும் எடுக்க முடியாது.

இப்போது நன்றி. கேள்வி கேட்ட கொத்தனார் அண்ணனும், தொட்டியைத் திட்டமிட்ட உறுப்பினரும் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். திறப்பு விழா தள்ளிப்போனாலும் பரவாயில்லை, குழாயை மாற்றிய பிறகே கட்டடத்தை ஏற்போம் என்று உறுதியாக நின்ற தலைமை ஆசிரியை அவர்களுக்கும் இந்தக் கைதட்டலில் பங்கு உண்டு. மற்ற அனைவருக்கும் நன்றி பலகையில் இருக்கிறது. போகும்போது உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பெயின்டர் மாலை வரை இங்கேயே இருப்பார்.

மாணவச் செல்வங்களே, ரிப்பன் வெட்டியதும் உள்ளே போய் மேசைகளைப் பார்ப்பீர்கள். பிறகு பின்புறமும் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே ஒரு நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பி.ஹெச். தாள் காட்டிய எண்ணையும், தேதியையும், பார்த்தவர் கையெழுத்தையும் அதில் எழுத வேண்டும். முதல் வரி இன்று மதியம் +2 மாணவர்கள் எழுதுவார்கள்.

கல்வி அலுவலர் அம்மா அவர்களைக் கட்டடத்தைத் திறந்து வைக்குமாறு அன்புடன் அழைக்கிறேன்.