கிணற்றடியில் கேட்காமல் விட்ட கேள்வி



யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. சிக்கார் ஊர்க் கிணற்றடியில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். உணவு வாங்க ஊருக்குள் போன சீடர்கள் திரும்பி வந்து, அதைப் பார்த்து வியப்படைகிறார்கள். ஆனால் ஒருவரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை என்கிறார் நற்செய்தியாளர். மனதில் கேள்வி இருந்தது. கேட்க வேண்டியவரிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

அந்தச் சீடர்களைப் போலவே ஒரு தம்பி எங்கள் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். அவருக்கு வரன் அமைந்திருந்தது. இரு வீட்டாருக்கும் சம்மதம். ஓலை வாசிக்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. பெண்ணும் இவரும் இரண்டு வாரமாகப் போனில் பேசி வந்தார்கள். ஒருநாள் அந்தப் பெண் சொன்னார்: "என்கூட காலேஜ்ல படிச்ச பசங்க ரெண்டு பேரு எனக்கு ரொம்ப நெருங்கிய ஃப்ரெண்ட்ஸ். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப, அதுல ஒருத்தன் ரெண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில எங்ககூடவே இருந்தான். கல்யாணத்துக்கு வருவாங்க, நீங்க பார்க்கணும்."

"அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு இவர் போனை வைத்தார். அன்று இரவு தூக்கம் போனது. அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண்ணின் படங்களுக்கு யார் யார் விருப்பம் தெரிவித்தார்கள் என்று தேடினார். இரவு பதினொரு மணிக்கு அவர் வாட்ஸ்அப்பில் இருக்கிறாரா என்று பார்த்தார். அந்த ஊரிலிருக்கும் சித்தி மகனிடம் விசாரிக்கச் சொன்னார். கடைசியில் என்னிடம் வந்து, "ஃபாதர், ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால அந்த நட்பை விடச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"உனக்கு எதைப் பார்த்துப் பயம்?" என்று கேட்டேன். "நாளைக்கு ஊர் என்ன பேசும்?" என்றார். "அது ஊரோட பயம். உன் பயம் எது?" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கஷ்டமான நேரத்துல அவங்க வீட்டோட நின்னவன் அவன். என்ன இருந்தாலும் நான் புதுசுதானே ஃபாதர்."

அன்பர்களே, நோய் எது என்று அங்கேதான் தெரிந்தது. அந்தப் பெண் தவறு செய்கிறார் என்று இவர் நினைக்கவில்லை. எட்டு ஆண்டுப் பழக்கத்தின் முன்னால் தன் இரண்டு வாரப் பழக்கம் சிறிதாகத் தெரிந்தது. அந்த நண்பரை விலக்கினாலும் இவர் புதியவராகத்தான் இருப்பார். பயம் அப்படியே இருக்கும். நாளைக்கு அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். புதியவர் என்ற குறை பேசப் பேச, பழகப் பழகத்தான் தீரும்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். அந்தப் பெண்ணை யாரும் வற்புறுத்தவில்லை. அவராகவே சொன்னார். வரப்போகும் கணவருக்குத் தெரிய வேண்டும் என்ற நம்பிக்கையில் சொன்னார். அதற்குத் தண்டனை கொடுத்தால் அவர் என்ன கற்றுக்கொள்வார்? 'இவரிடம் எல்லாவற்றையும் சொல்லக்கூடாது' என்றுதான். மறைத்து வாழும் பழக்கத்தை நாமே தொடங்கி வைத்ததாகும்.

அப்படியானால் மனதில் இருப்பதை விழுங்கிவிட வேண்டுமா? வேண்டாம். சித்தி மகனிடம் கேட்டதை அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். நள்ளிரவுச் செய்தியாக அனுப்பாமல், கோபம் இல்லாத நேரத்தில் நேரில் அல்லது குரலில் கேட்க வேண்டும். இப்படிச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன்: "நீங்க சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனா உண்மையைச் சொல்றேன், அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. உங்க மேல சந்தேகம் இல்ல. என் இடம் எதுன்னு எனக்குத் தெரியல. அவங்க ரெண்டு பேர்கிட்ட எப்பவாவது காதல்ங்கிற பேச்சு இருந்துச்சா?" இதை ஒருமுறை கேட்க வேண்டும். ஒரே கேள்வியைத் தினம் ஒரு விதமாக மாற்றி மாற்றிக் கேட்டால் அது போலீஸ் விசாரணை ஆகிவிடும்.

அவர் கேட்டார். பதில் எளிதாக இல்லை. ஆஸ்பத்திரியில் உடனிருந்த அந்த நண்பர் கடைசி ஆண்டில் தன் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறார். இவர் மறுத்திருக்கிறார். அவர் அதை ஏற்றுக்கொண்டு நண்பராகவே இருந்துவிட்டார். தம்பி மறுபடி என்னிடம் ஓடி வந்தார். "முதல்லயே சொல்லலையே ஃபாதர்!" "கேட்டதும் மறைக்காமச் சொன்னாங்களே, அதைப் பாரு" என்றேன். "அந்த நண்பரை நேர்ல பாரு" என்றும் சொன்னேன்.

பெண்ணின் வீட்டில் மூவரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கற்பனையில் பெரிதாக இருந்தவர், நேரில் தம்பியைவிடக் கூச்சப்பட்ட ஓர் இளைஞராக இருந்தார். அதன்பின் மணமக்கள் தங்களுக்குள் இரண்டு முடிவு எடுத்தார்கள். நமக்குள் வரும் சண்டை முதலில் நண்பர்களிடம் போகக்கூடாது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வைத்துக்கொள்ளும் நட்பு எதுவும் வேண்டாம். பெண்ணுக்கு விதித்த இந்த விதி, அலுவலகத் தோழிகள் உள்ள மாப்பிள்ளைக்கும் அப்படியே பொருந்தியது.

எல்லா உறுத்தலும் வீண் பயம் என்று நான் சொல்லவில்லை. ஆண் நண்பரின் எண்ணைப் பெண் பெயரில் பதிந்து வைத்திருந்தால், இல்லை என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டபின் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்புக்கொண்டால், நண்பரை நேரில் பார்க்க விடாமல் சாக்குச் சொன்னால், அங்கே நிற்க வேண்டும். அதேபோல எல்லாவற்றையும் திறந்து சொன்ன பிறகும் ஒருவர் போனின் பாஸ்வேர்டு கேட்டால், எங்கே இருக்கிறாய் என்று மணிக்கொருமுறை கேட்டால், மற்றவர் நிற்க வேண்டும். அடக்கி வைக்கும் குணம் திருமணத்துக்குப் பிறகு தானாகக் குறையாது.

நிச்சயம் ஆகிவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். மண வாக்குறுதி கொடுத்த காரணத்துக்காக யாரையும் திருமணத்துக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று திருச்சபைச் சட்டம் 1062 சொல்கிறது. திருமணத்துக்கு முன் மணமகனையும் மணமகளையும் பங்குத்தந்தை தனித்தனியே அழைத்து, முழு மனச் சுதந்திரத்தோடுதான் சம்மதிக்கிறீர்களா என்று கேட்பதும் இதற்காகத்தான். பலர் அதைக் கையெழுத்துப் போடும் சடங்காக முடித்துவிடுகிறார்கள். உறுத்தல் இருந்தால் அங்கே சொல்லுங்கள். பெற்றோரே, பத்திரிகை அடித்துவிட்டோமே என்று பிள்ளையின் வாயை மூடாதீர்கள்.

புனித யோசேப்பும் நிச்சயமான பெண்ணைக் குறித்துக் கலங்கியவர்தான். அவருடைய கலக்கத்துக்கு நம்முடையதைவிடப் பெரிய காரணம் இருந்தது. ஆனாலும் அவர் ஊரைக் கூட்டவில்லை, மரியாவை அவமானப்படுத்த விரும்பவில்லை. கனவில் வந்த வானதூதர் முதலில் தொட்டது அவருடைய அச்சத்தைத்தான். உண்மை தெரிந்ததும் அவர் தயங்காமல் மரியாவை ஏற்றுக்கொண்டார்.

அன்புத் தந்தையே, திருமணத்துக்காகக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, கேட்க வேண்டியவரிடம் கேட்கும் துணிவையும், கேட்டதற்கு உண்மை சொல்லும் துணிவையும், சொன்ன உண்மையைத் தாங்கும் மனதையும் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.