வட்டியில்லாத் தவணை: விலை போடும் கணக்கு
(சங்கத்தின் வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஐஸ்பெட்டி, சலவை இயந்திரம், அடுப்பு இவற்றைத் தவணையில் விற்கும் சிறிய கடை ஒன்றை ஜொகூர் பாருவில் நாங்கள் மூன்று பேர் கூட்டாக நடத்துகிறோம். வட்டி இல்லாமல் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று ஜமாஅத்தில் பலரும் கேட்டதால் எங்கள் கணக்கு நோட்டையே இங்கே எடுத்து வந்திருக்கிறோம். முதல் வருஷத்தில் நாங்கள் செய்த தவறும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ஒரு நாள் ஒரு ராத்தா கடைக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கு ஐஸ்பெட்டி வேண்டும் என்றார். ரொக்கமானால் 1,800 வெள்ளி, பன்னிரண்டு மாதத் தவணையானால் 1,968 வெள்ளி என்றோம். அவர் சற்று நேரம் எங்கள் முகத்தையே பார்த்துவிட்டு, "தம்பி, வட்டி இல்லைன்னு வெளியே எழுதி வெச்சிருக்கீங்க. அந்த 168 வெள்ளி வட்டி இல்லாம வேற என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அவருக்கு நாங்கள் சொன்ன பதில்தான்.

மார்க்கத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறோம். 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தவணை வியாபாரத்தைப் பற்றித் தீர்மானம் போட்டது. தவணை விலை ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம். ரொக்கமா தவணையா, எத்தனை மாதம் என்று இரு தரப்பும் முடிவு செய்த பிறகுதான் வியாபாரம் செல்லும். இரண்டு விலையையும் சொல்லி, எது என்று முடிவாகாமலே சாமானைத் தூக்கிக் கொடுத்தால் அது செல்லாது. ரொக்க விலையைத் தனியாக எழுதி, மாதத்தோடு சேர்ந்து ஓடும் வட்டியை அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரியாக ஒப்பந்தத்தில் எழுதவும் கூடாது. முடிவான விலை ஒன்றே ஒன்றுதான். தவணை தவறினால் அதற்கு மேல் ஒரு காசும் ஏறாது.

ராத்தாவிடம் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் சொன்னோம். "மூணு மாசம் கட்ட முடியாம போனாலும் 1,968தான் ராத்தா. பேசினா பேசின விலை." கடன் கொடுப்பவன் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகலாம். வியாபாரி தன் கணிப்பை எல்லாம் விலை சொல்லும் அந்த ஒரு நிமிஷத்திலேயே முடித்தாக வேண்டும். கணிப்பு தப்பினால் நஷ்டம் அவனுடையது. அதனால்தான் இந்த விலையைப் போடுவது சாதாரண விலையைப் போடுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

இனி 168 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1,800 வெள்ளி ஐஸ்பெட்டிக்கு 300 வெள்ளி முன்பணம் வாங்குகிறோம். எங்களுக்கு வர வேண்டியதில் மிச்சம் 1,500. இந்தப் பணம் கையில் இருந்தால் சரக்கு வாங்கி விற்றிருப்போம். எங்கள் முதல் நூறு வெள்ளிக்கு வருஷத்தில் செலவு போக ஏறக்குறைய 12 வெள்ளி மிஞ்சுகிறது என்று நோட்டு சொல்கிறது. மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு வெள்ளி. பணம் வெளியே முடங்கிக் கிடப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் விலை அதுதான். (வங்கியில் வட்டிக்கு எடுத்து வந்து வட்டியில்லாத் தவணை என்று பலகை மாட்டினால் அது வேறு கதை. நாங்கள் எங்கள் சொந்த முதலை மட்டுமே போடுகிறோம்.)

இந்த இடத்தில்தான் முதல் வருஷம் சறுக்கினோம். 1,500க்கு வருஷத்துக்கு 12 வீதம் 180 வெள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டோம். பார்வைக்குச் சரியான கணக்கு. ஆனால் 1,500 வெள்ளி வருஷம் முழுவதும் வெளியே இருக்கிறதா என்ன? அசலில் மாதம் 125 வெள்ளி திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. முதல் மாதம் 1,500 வெளியே இருக்கிறது, இரண்டாம் மாதம் 1,375, அடுத்த மாதம் 1,250, கடைசி மாதம் வெறும் 125. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினால் 9,750 வெள்ளி ஒரு மாதம் வெளியே இருந்ததற்குச் சமம். அதற்கு நூற்றுக்கு ஒன்று வீதம் 97 வெள்ளி 50 காசு. நாங்கள் போட்டதோ 180. ஏறக்குறைய இரட்டிப்பு. வருஷத்துக்கு 12 என்று நினைத்துக்கொண்டு, வெளியே உண்மையில் இருந்த பணத்தின் மேல் 21க்கும் மேல் வாங்கிக்கொண்டிருந்தோம். பேர் வட்டியில்லாத் தவணை. நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ராத்தாவைப் போன்றவர்களின் பையிலிருந்துதான் அது போனது.

சட்டென்று சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. மாதங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்குங்கள். பன்னிரண்டு மாதமானால் ஆறரை மாதம். முழுத் தொகையும் ஆறரை மாதம் வெளியே இருந்ததாக வைத்துப் பெருக்கினால் அதே 97.50 வரும்.

அடுத்தது வசூல் செலவு. ரசீது, நினைவூட்டும் போன், மாசாய்க்கும் பாசீர் கூடாங்குக்கும் போய்வரும் பெட்ரோல் எல்லாம் சேர்த்துத் தவணை ஒன்றுக்கு 4 வெள்ளி. பன்னிரண்டுக்கு 48. அதற்கடுத்தது சொல்லவே சங்கடமானது. எங்கள் நோட்டில் நூறு பேரில் மூன்று பேர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் 750 வெள்ளி நிற்கிறது. மூன்று பேருக்கு 2,250. நூறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 22 வெள்ளி 50 காசு. ஒழுங்காகக் கட்டுகிறவர் கட்டாதவருக்காகச் சுமக்கும் பாரம் இது. மூன்றையும் கூட்டினால் 168. ரொக்க விலையோடு சேர்த்தால் 1,968. முன்பணம் 300 போக 1,668. மாதம் 139 வெள்ளி.

முன்பணமே இல்லாமல் கொடுத்தால் என்ன என்று எங்கள் கூட்டாளி ஒருவர் கேட்டார். முடங்கும் பணத்தின் கணக்கு 97.50இலிருந்து 117 ஆகும். அது பெரிதில்லை. ஆனால் 300 வெள்ளி கொண்டு வர முடியாதவரும், கொண்டு வரும் எண்ணமே இல்லாதவரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். அங்கே அந்த மூன்று பேர் ஆறு பேர் ஆவார்கள். அதனால் முன்பணம் போடுவது மாதத் தொகையைக் குறைக்க மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆளைப் பார்ப்பதற்கும் அதுவே வழி.

முதல் வருஷத்தின் இரண்டாவது தவறு விலைச் சீட்டில் நடந்தது. அந்த 180 வெள்ளிக் கணக்கையும் சேர்த்து ஐஸ்பெட்டிக்கு 2,050 என்று ஒரே சீட்டுப் போட்டு, "ரொக்கமானாலும் தவணையானாலும் ஒரே விலை, வட்டி பூஜ்யம்" என்று எழுதினோம். பார்க்க அழகாக இருந்தது. ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் ரொக்க வியாபாரம் தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. ரொக்கக்காரர் அடுத்த தெருவுக்குப் போய் 1,800க்கு வாங்கிவிட்டார். கடையில் மிஞ்சியவர்கள் தவணைக்காரர்கள், அதிலும் வேறு எங்கும் தவணை கிடைக்காதவர்கள். நிலுவை ஏறியது. எங்களிடம் ரொக்கமாக வாங்கிய ஒரு சிலர், தாங்கள் கேட்காத தவணைக்கும் சேர்த்து 250 வெள்ளி கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் முகம் தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

இது எங்கள் கடையில் மட்டும் நடந்ததில்லை. 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்பதே இல்லாத ஒன்று, செலவை வேறு கட்டணமாக வாடிக்கையாளர் மேல் ஏற்றுகிறார்கள் என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நம் ஊர் அங்காடிகளில் கிரெடிட் கார்டுக்குப் பூஜ்ய வட்டித் தவணை என்று பார்க்கிறீர்களே, அங்கேயும் வங்கி தன் கட்டணத்தைக் கடைக்காரரிடம் பிடித்துக்கொள்கிறது. கடைக்காரர் அதை விலையில் வைக்கிறார். ரொக்கத்துக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். குறைத்துக் கொடுத்தால் அந்த வித்தியாசம்தான் தவணையின் செலவு. இப்போது எங்கள் கடையில் இரண்டு சீட்டு தொங்குகிறது. வாடிக்கையாளர் ஒன்றைத் தேர்ந்த பிறகு ஒப்பந்தத்தில் அந்த ஒரே விலைதான் ஏறும்.

ஐஸ்பெட்டி யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி நடக்கும் வியாபாரத்தில் கடைசித் தவணை வரை பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாகாது. நாங்கள் செய்வது விற்பனை. பேசி முடித்து எடுத்துப் போன அன்றே அது ராத்தாவுடைய சொத்து. பாக்கிக்கு ஈடாக அதை எழுதி வாங்கலாம். எங்களுடையது என்று சொல்லித் தூக்கி வர முடியாது. அதேபோல எங்கள் கிடங்கில் இல்லாத பெட்டியை விலை பேசி முடிப்பதில்லை. முதலில் வாங்கி வைக்கிறோம், பிறகுதான் விற்கிறோம். இடம் அடைக்கிறது, என்ன செய்ய.

முன்கூட்டியே கட்டி முடிப்பவருக்கு என்ன செய்கிறோம் என்று நானாமார் சிலர் கேட்டிருந்தார்கள். ராத்தா ஆறு தவணை கட்டிவிட்டு மிச்சம் 834 வெள்ளியையும் ஒரே நாளில் கொண்டு வந்தார். மருமகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியிருந்தார். பாதி மாதம் மிச்சம், ஆகவே 97.50இல் பாதியைத் தள்ளு என்றார் எங்கள் கூட்டாளி. அது சரியில்லை. முதல் ஆறு மாதத்தில்தான் பணம் அதிகமாக வெளியே இருந்தது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டினால் 78, மிச்சமுள்ள ஆறு மாதத்துக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை கூட்டினால் 21. அந்த வாடகைக் கொள்முதல் சட்டத்திலும் நெடுங்காலம் இதே 78 கணக்குதான் இருந்தது. 97.50இல் 78க்கு 21 பங்கு 26 வெள்ளி 25 காசு. இனி வசூலுக்குப் போக வேண்டாத ஆறு மாதத்துக்கு 24 வெள்ளி. சேர்த்து 50 வெள்ளி தள்ளி 784 வாங்கிக்கொண்டோம்.

இந்தத் தள்ளுபடியை நாங்கள் ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை. முன்பேச்சு இல்லாமல் கொடுத்தால் ஆகும் என்று 1992இல் அதே அகாடமி சொன்னதைப் பிடித்துக்கொள்கிறோம். பேங்க் நெகாரா 2011 முதல் இஸ்லாமிய வங்கிகளை இப்ரா என்ற இந்தத் தள்ளுபடியை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறது. வாடிக்கையாளருக்கு அதுதான் நிச்சயம் என்று எங்களில் இளையவர் வாதாடுகிறார். எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

தாமதத்துக்கு மட்டும் எங்களிடம் நல்ல கணக்கு இல்லை. பாதியில் நிற்கும் 750 வெள்ளி மூன்று மாதம் தள்ளிப்போனால் எங்களுக்கு 22 வெள்ளி 50 காசு போகிறது. அதைக் கேட்க வழியில்லை. வேலை போனவருக்கு அவகாசம் கொடுக்கிறோம். கட்ட முடிந்தும் இழுப்பவரைத் தேடி ஜாமீன் போட்டவர் வீட்டுக்குப் போகிறோம். வெள்ளிக்கிழமை தோறும் நோட்டில் யார் ஒரு மாதம், யார் இரண்டு மாதம் தாண்டினார் என்று தனித்தனியாக எழுதுகிறோம். இரண்டு மாதம் தாண்டியவர் ஒருவரும் போன் பேசி மட்டும் திரும்பி வந்ததில்லை, நேரில் போனால்தான் வருகிறார்கள்.

பதினெட்டு மாதத் தவணை தருவீர்களா என்று கேட்கிறார்கள். இதே பெட்டிக்கு முடங்கும் பணம் 142 வெள்ளி 50 காசு, வசூல் 72. அதுவரை போட்டுவிட்டோம். பாதியில் நிற்பவர் எத்தனை பேர் என்பதற்கு எங்கள் நோட்டில் இன்னும் பக்கம் இல்லை. அதனால் இப்போதைக்குப் பன்னிரண்டு மாதம்தான்.