கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

(மும்பை தாராவியில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிணைப்பத்திரம் சட்டப்படி செல்லாது, கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பலர் சொல்லக் கேட்கிறோம். அதை நம்பிவிடலாகாது. விஜயா வங்கி 2006இல் வெளியிட்ட பணி அறிவிப்பில், மூன்றாண்டுகளுக்குள் விலகுவோர் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தது. 2007இல் அப்பணியில் சேர்ந்த அதிகாரி ஒருவர் 2009இல் வேறு வங்கிக்குச் செல்ல விலகினார். எதிர்ப்பைத் தெரிவித்தே பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமோ 2025 மே 14 அன்று அந்நிபந்தனை செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

ஆயினும் அத்தீர்ப்பின் காரணத்தைக் கவனியுங்கள். பொதுத்துறை வங்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்க விளம்பரம், தேர்வு எனச் செலவிட வேண்டியுள்ளது. அவருடைய ஊதியத்தோடு ஒப்பிட்டால் தொகையும் மிகையன்று என்றது நீதிமன்றம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே; அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். விருப்பமில்லாதவரை வேலையில் நிறுத்திவைக்குமாறு எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. ஆதலால் எச்.ஆர். அலுவலரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு செலவு என்பதே.

ஓர் எடுத்துக்காட்டு. மாத ஊதியம் 22,000 ரூபாய். தகுதிகாண் பருவம் ஆறு மாதம். பிணை இரண்டாண்டு, 1,50,000 ரூபாய். விலக 90 நாள் முன்னறிவிப்பு என்று ஒரு கடிதம் வருவதாகக் கொள்வோம். இரண்டாண்டு எந்நாளிலிருந்து? சேர்ந்த நாளிலிருந்தா, பணி உறுதியான நாளிலிருந்தா? பின்னதாயின் அது முப்பது மாதம். தகுதிகாண் பருவத்தை மேலும் மூன்று மாதம் நீட்டினால் முப்பத்து மூன்று. நீட்டிக்க வரம்பு உண்டா, உறுதி செய்யும் கடிதம் தருவார்களா என்று கேளுங்கள். நிறுவனமே வெளியேற்றினாலும் பிணைத்தொகை கேட்பார்களா என்பதையும் விட்டுவிடாதீர்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

இனி முன்னறிவிப்பு. புதிய நிறுவனம் முப்பது நாளில் வரச் சொன்னால், எஞ்சிய அறுபது நாளுக்கு 44,000 ரூபாய் கட்ட நேரும். பிணையோடு சேர்த்தால் 1,94,000. ஏறத்தாழ ஒன்பது மாத ஊதியம்! பணிபுரிந்த மாதங்களுக்கேற்பப் பிணைத்தொகை குறையுமா, முன்னறிவிப்புத் தொகை அடிப்படைச் சம்பளத்திலா, முழு ஊதியத்திலா என்பதைப் பொறுத்து இக்கணக்கு மாறும். நிறுவனம் நமக்கு எத்தனை நாள் தரும் என்பதையும் கேளுங்கள். நமக்குத் தொண்ணூறு, அவர்களுக்குப் பதினைந்து என்றிருப்பின் சமமாக்கும்படி கோரலாம்.

இவற்றைத் தொலைபேசியில் கேட்டால் இனிய சொற்களே கிடைக்கும். மின்னஞ்சலில் கேளுங்கள். "நிறுவன விதிகளின்படி" என்று பதில் வந்தால், அவ்விதிகளின் படியைக் கேட்டுப் பெற்று, படித்த பின்னரே கையெழுத்திடுங்கள்.