“நல்ல தகரம், சீக்கிரம் வேண்டும்”: கடைக்காரருக்கு எழுதும் முறை
(தோட்ட மண்டபச் செயற்குழுவினரிடையே ஆற்றிய உரை)



கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைப் பிறகு பார்ப்போம். இன்று ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதை எழுதியவன் நான்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தோட்டத்து மண்டபத்தின் கூரையை மாற்ற முடிவு செய்தபோது, செயலாளர் என்ற முறையில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு இவ்வாறு செய்தி அனுப்பினேன்:

“அண்ணே, எங்க ஹாலுக்குத் தகரம் மாத்தணும். ஹால் 40க்கு 24. நல்ல தகரமா பார்த்து வெல சொல்லுங்க. சீக்கிரம் வேணும்.”

கடைக்காரர் ஒரு தொகையைச் சொன்னார். வீட்டுக்கு வீடு திரட்டிய பணத்திலிருந்து அதைக் கொடுத்தோம். வந்து இறங்கிய தகரம் ஒவ்வொன்றும் 12 அடி நீளம். மண்டபத்தின் அகலம் 24 அடி, அதில் பாதி 12 அடி என்பது அவர் கணக்கு. அதில் பிழை காண முடியாது. ஆனால் கூரை தரையைப் போலத் தட்டையாக இருப்பதில்லை. சாய்வு உண்டு, சுவரைத் தாண்டி இறவாரமும் நீள வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது 14 அடி. குறைந்த இடத்தில் துண்டுத் தகரங்களை ஒட்டுப் போட்டோம். அடுத்த மழையிலேயே ஒட்டு வழியாக நீர் கசிந்து சுவரில் இறங்கிற்று. “சீக்கிரம்” என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் மூன்று வாரம். பழைய கூரையை அதற்கு முன்பே பிரித்துவிட்டதால், மண்டபத்தில் நடந்த பிள்ளைகளின் இரவு வகுப்பு நின்றுபோயிற்று. “நல்ல தகரம்” என்பதோ, ஆள் ஏறி மிதித்தால் பள்ளம் விழும் தகரமாக இருந்தது.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று அன்று சிலர் பேசினார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. நான் எழுதாத இடங்களையெல்லாம் அவர் தமக்கு எளிதான முறையில் நிரப்பிக்கொண்டார், அவ்வளவே.

மறுமுறை கூரை போட வேண்டி வந்தபோது, முதலில் ஏணி வைத்து ஏறி அளந்தோம். முகட்டிலிருந்து இறவார நுனி வரை 14 அடி. மண்டபத்தின் நீளம் 40 அடி. இரு முனைகளிலும் ஓரடி வெளியே நீட்டினால் 42 அடி, அதாவது சுமார் 12.8 மீட்டர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தகரத்தை வாங்கும்போது காணும் அகலம் முழுவதும் கூரையை மூடாது. ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி அமரும். அந்தப் பகுதி போக, நாங்கள் தேர்ந்த வகை மூடும் அகலம் 762 மில்லிமீட்டர். 12.8 மீட்டரை அதனால் வகுத்தால் 16.8 வருகிறது, ஆகவே பக்கத்துக்கு 17, இரு பக்கமும் சேர்த்து 34 தகரம். ஒவ்வொன்றும் 14 அடி என்பதால் மொத்தம் 476 அடி.

அடுத்தது கனம். அனைவரும் இடறி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். தகரத்தின் கனத்தை இரு விதமாகச் சொல்வது வழக்கம். பூச்சு எதுவும் இல்லாத வெறும் எஃகின் கனத்தை பி.எம்.டி. என்பார்கள். பூச்சையும் சேர்த்த கனம் டி.சி.டி. ஆகும். 0.42 மில்லிமீட்டர் பி.எம்.டி. உள்ள வண்ணத் தகரம், பூச்சோடு ஏறக்குறைய 0.48 டி.சி.டி. இருக்கும். வெறுமனே “0.42 தகரம்” என்று எழுதினால் இரண்டில் எதையும் கொடுக்கலாம். விலை மாறுவது மட்டுமன்று, ஆணி அடிக்க மேலே ஏறுபவரின் பாதுகாப்பும் மாறுகிறது.

ஆகவே, இம்முறை மூன்று கடைகளுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினோம். நம் பகுதியில் கடைக்காரர்கள் “செபுட் ஹர்கா” என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள் என்பதால் மலாயில் எழுதினோம். அதன் தமிழ் வடிவம் இது:

“கீழ்க்கண்ட பொருள்களுக்கு விலைப்புள்ளி தர வேண்டுகிறோம். வண்ணம் பூசிய கூரைத் தகரம், 0.42 மி.மீ. பி.எம்.டி., அலுமினிய-துத்தநாகப் பூச்சு ஏ.இசட். 150, மூடும் அகலம் 762 மி.மீ., இளமஞ்சள் நிறம், நீளம் 14 அடி: 34 தகரம். அதே நிறத்திலும் கனத்திலும் முகட்டுத் தகரம், 8 அடி நீளம்: 6. மரச் சட்டத்தில் இறக்கும் திருகாணி, ரப்பர் வளையத்துடன்: 750. ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனியே குறிப்பிடவும். லாரிக் கூலியும் வரியும் விலையில் அடங்குமா என்பதை எழுதவும். உங்கள் விலைப்புள்ளி செப்டம்பர் 5 மாலை 5 மணிக்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். விலை செப்டம்பர் 30 வரை மாறாதிருக்க வேண்டும். பொருள்கள் செப்டம்பர் 25 நண்பகலுக்குள் மண்டப வாசலில் இறங்க வேண்டும்.”

இதில் இரண்டு கெடு நாள்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று விலை சொல்வதற்கு, மற்றொன்று பொருள் வருவதற்கு. இரண்டையும் ஒன்றாக்கி “மாதக் கடைசிக்குள்” என்று எழுதினால், விலையே மாதக் கடைசியில்தான் வரும். செப்டம்பர் 25 என்று நாங்கள் குறித்ததற்குக் காரணம், தச்சர் 27ஆம் நாள் வருவதாகச் சொல்லியிருந்தார்; அக்டோபரில் மழை வலுத்துவிடும். திருகாணியில் “மரச் சட்டம்” என்று எழுதியதும் வீண் சொல் அன்று. இரும்புச் சட்டத்துக்கான திருகாணியின் முனை வேறு. மரத்தில் அது சரியாகப் பிடிக்காது. எண்ணிக்கையைத் தச்சரே சொன்னார்: ஒரு தகரத்தைத் தாங்கும் சட்டங்கள் 5, சட்டத்துக்கு 4 ஆணி, 34 தகரத்துக்கு 680, கீழே விழுந்து தொலைவதற்கும் சேர்த்து 750.

மூன்று பதில்கள் வந்தன. ஒரு கடை மற்றவற்றைவிட அடிக்கு 40 சென் குறைவாகக் கேட்டிருந்தது. 476 அடிக்கு ரிங்கிட் 190.40 மிச்சம். குழுவில் பலர் அதையே எடுக்கலாம் என்றார்கள். ஆனால் அந்தத் தாளில் “0.42” என்று மட்டும் இருந்தது, பி.எம்.டி. என்ற சொல் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது “டி.சி.டி.தான்” என்று கடைக்காரர் மறைக்காமல் சொன்னார். அப்படியானால் வெறும் எஃகு ஏறக்குறைய 0.36 மி.மீ.தான். லாரிக் கூலியையும் அவர் சேர்க்கவில்லை. அவர் மலிவாகத் தந்தது வேறொரு பொருள்.

இன்னொரு கடைக்காரர், இளமஞ்சள் கைவசம் இல்லை, வெள்ளை இருக்கிறது என்று கேட்டார். எங்களுக்கு வெள்ளையும் சம்மதமே. ஆனால் அவருக்கு மட்டும் “சரி” என்று சொல்லிவிடாமல், மூவருக்கும் அதே நாளில் “வெள்ளையும் ஏற்கப்படும்” என்று எழுதினோம். இதனால் மற்றொரு கடை தன் விலையையும் சற்றுக் குறைத்தது.

பொருள் இறங்கிய அன்று கடிதத்தின் நகல் என் கையில் இருந்தது. ஓட்டுநரை நிறுத்தி வைத்துக்கொண்டு நீளத்தை அளந்தோம்; எண்ணினோம்; தச்சரின் நுண்ணளவியால் விளிம்பை அளந்தபோது 0.48 காட்டியது. முகட்டுத் தகரத்தில் மட்டும் ஒன்று குறைந்தது. “ஆறு கேட்டிருந்தீர்களா?” என்று ஓட்டுநர் கேட்டார். கடிதத்தைக் காட்டினேன். மறுநாள் காலையில் அது வந்து சேர்ந்தது.