அறிமுகத் தமிழ்: ஒரு குழந்தையின் ஒன்பது வாக்கியங்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நம் வட்டத்தைச் சேர்ந்த பலர் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவர்களாகச் சென்று வருகின்றோம். போட்டிப் பேச்சைப் பற்றி நிறையப் பேசியிருக்கின்றோம். அப்பேச்சுக்கு முன்னால், மேடையேறிய சிறு குழந்தை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அரை நிமிட அறிமுகத்தைப் பற்றி நாம் பேசியதில்லை. பெற்றோர் ஒருவர் வீட்டுப் பேச்சில் எழுதிக் கொடுக்கும் அச்சிறு உரையே இன்று என் பொருள். அதனை இலக்கண நடைக்கு மாற்றலாமா, கூடாதா என்னும் வினாவும் அதனுள் அடங்கும்.

நான் நடுவராக இருந்த போட்டியொன்றில் கிடைத்த ஓர் அறிமுகத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு அவள் தாய் கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்தது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

“எல்லாருக்கும் வணக்கம். என் பேரு யாழினி. நான் ரெண்டாங் கிளாஸ் படிக்கிறேன். எங்க அப்பா பஸ் ஓட்டுறாங்க. எங்க அம்மா பூ கட்டுவாங்க. எனக்கு ஒரு தம்பி இருக்கான். அவனுக்கு இன்னும் பேச வராது. அதனால வீட்ல நான்தான் பேசுவேன். இன்னைக்கு காக்காவைப் பத்திப் பேசப் போறேன்.”

ஒன்பது வாக்கியங்கள், முப்பத்து நான்கு சொற்கள். மிக நீண்ட வாக்கியத்தில் ஐந்தே சொற்கள். போட்டிக்கு முன்னர் இத்தாள் வகுப்பாசிரியரிடம் சென்றது. அவர் திருத்திக் கொடுத்தது வருமாறு:

“அவையில் வீற்றிருக்கும் சான்றோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனது பெயர் யாழினி. நான் இரண்டாம் வகுப்பில் பயின்று வருகிறேன். எனது தந்தையார் பேருந்து ஓட்டுநராகப் பணிபுரிந்து வருகிறார். எனது தாயார் இல்லத்தரசியாக இருந்து வருகிறார். எனக்கு ஓர் இளைய சகோதரன் உள்ளான். இன்று நான் காகம் என்னும் தலைப்பில் உரையாற்ற வந்துள்ளேன்.”

மேடையில் அச்சிறுமி தந்தையாரைத் தாண்டித் தாயாரிடம் வந்தாள். “இருந்து வருகிறார்” என்றவுடன் “நான் இரண்டாம் வகுப்பில் பயின்று வருகிறேன்” என்று திரும்பவும் தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்திற்கு வந்தாள், மறுபடியும் திரும்பினாள். மூன்றாம் முறை நின்றுவிட்டாள். காகத்தைப் பற்றிய பேச்சு தொடங்கவேயில்லை.

அவையச்சம் என்று பலரும் சொன்னார்கள். இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. திருத்திய வடிவில் அடுத்தடுத்த மூன்று வாக்கியங்கள் “பயின்று வருகிறேன்”, “பணிபுரிந்து வருகிறார்”, “இருந்து வருகிறார்” என ஒரே வாய்பாட்டில் முடிகின்றன. ஒன்றின் முடிவிலிருந்து மற்றொன்றின் தொடக்கத்திற்கு நாக்கு தாவுவதற்கு அங்கே வழி திறந்து கிடக்கிறது. இயைபு செய்யுளில் நினைவுக்குத் துணை. ஏனெனில் அடுத்த அடியைப் பொருளும் சந்தமும் சேர்ந்து இழுத்துவரும். பொருள் இழுக்காத உரைநடையில் அதே ஒப்புமை நினைவுக்குக் கண்ணியாகிவிடுகிறது. மனப்பாடம் செய்த குழந்தை வட்டமடித்தால் அச்சத்தைக் குறை சொல்வதற்கு முன் வாக்கிய முடிவுகளைப் பாருங்கள்.

தாயின் வடிவில் படிக்கிறேன், ஓட்டுறாங்க, கட்டுவாங்க, இருக்கான், வராது, பேசுவேன், போறேன் என்று முடிவுகள் மாறிக்கொண்டே போகின்றன. பிற்பாதியில் இன்னொன்றும் நிகழ்கிறது. தம்பி என்றதும் “அவனுக்கு” வருகிறது. “பேச வராது” என்றதும் “அதனால” வருகிறது. “பேசுவேன்” என்பது “பேசப் போறேன்” என்பதைக் கொண்டுவருகிறது. அந்தாதித் தொடை பாடுவோர் நினைவில் நூறு பாடல்களைக் கோத்து வைப்பது இவ்வழியில்தான். அந்தத் தாய் அந்தாதி இலக்கணம் படித்திருக்க வேண்டுவதில்லை. குழந்தையிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, அது சொன்ன விடைகளைச் சொன்னபடியே எழுதினால் இப்படித்தான் அமையும். திருத்தியவர் தம்பியைச் சகோதரனாக்கியதோடு அவனுக்குப் பேச வராத செய்தியையும், அக்காள் பேசுவதையும் தேவையற்றவை என்று நீக்கிவிட்டார். சங்கிலியின் நடுக்கண்ணிகள் அவை.

அடுத்து, பொருளைப் பார்ப்போம். “எங்க அம்மா” என்பது “எனது தாயார்” ஆகிவிட்டது. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு வகைப்படும். கேட்பவரையும் உள்ளடக்குவது “நாம்”. கேட்பவரை விலக்கித் தன்னைச் சார்ந்தவரை மட்டும் உள்ளடக்குவது “நாங்கள்”. ஒற்றைப் பிள்ளையாக இருந்தாலும் தமிழ்க் குழந்தை “எங்க அம்மா” என்றே சொல்லும். அவையோரை ஒரு பக்கமும் தன் வீட்டை ஒரு பக்கமும் நிறுத்தி, வீட்டின் சார்பாளராக அது பேசுகிறது. “எனது” என்னும் சொல்லில் உடைமை உண்டு, வீடு இல்லை.

“ஓட்டுறாங்க” என்பதையும் “கட்டுவாங்க” என்பதையும் கவனிக்க வேண்டும். முன்னது நிகழ்காலம், பின்னது வடிவால் எதிர்காலம். நாளை கட்டப்போவதாகப் பொருளில்லை. வழக்கமாகச் செய்துவரும் தொழிலை எதிர்கால வினையால் சொல்வது தமிழின் இயல்பு. அப்பாவுக்கு வேலை ஓட்டுவது. அம்மா மற்ற வேலைகளுக்கிடையே எப்போதும் பூக்கட்டுபவர். இவ்வேறுபாட்டைக் குழந்தை இரண்டு வினைமுற்றுகளில் வைத்திருக்கிறது. திருத்தத்தில் இரு வினைகளும் பெயர்களாகிவிட்டன. ஓட்டுதல் “ஓட்டுநர்” ஆயிற்று. பூக்கட்டுதலோ “இல்லத்தரசி” என்னும் சொல்லுக்குள் மறைந்தே போயிற்று. நாரில் பூவைத் தொடுத்து முழம் போட்டு விற்றுக் குடும்பத்துக்கு வருவாய் சேர்க்கும் பெண்ணின் உழைப்பு, மகளின் வாயால் அவையில் சொல்லப்பட இருந்தது. ஒரு கௌரவச் சொல் அதனை நீக்கிவிட்டது. இழப்பு நடையில் மட்டுமன்று என்று நான் சொல்வது இதனால்தான்.

திருத்தியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1959ஆம் ஆண்டில் சார்லசு பெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மேடைப்பேச்சு உயர்வழக்குக்கு உரிய இடமென்றும், உயர்வழக்கு எவருக்கும் வீட்டில் கற்ற தாய்மொழியன்று, முறையான கல்வியால் பெறுவதென்றும் விளக்கினார். நம் மேடைத் தமிழுக்கும் இது பொருந்தும். அதைக் கற்பிக்க வேண்டிய இடம் பள்ளிதான். கற்பிக்கும் வாயில் எது என்பதில்தான் எனக்கு வேறுபாடு. காகத்தைப் பற்றிய பேச்சு இலக்கண நடையில் இருக்கட்டும். “பேசப் போறேன்” என்று முடித்து, ஒருமுறை மூச்சு வாங்கி, “காகம் கூடி வாழும் பறவை” என்று தொடங்கும் குழந்தை, இரு வழக்குகளுக்கும் இடையிலுள்ள வாசற்படியைத் தன் காலாலேயே கடக்கிறது. வாசற்படியை எடுத்துவிட்டால் கடப்பதற்கு ஒன்றுமில்லை.

பேச்சு வழக்கில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று எண்ணிவிடவும் கூடாது. அதில் நேரும் இடர்கள் சில உண்டு.

முதலாவது எழுத்து. “ரெண்டு” என்பதில் ரகரம் மொழிக்கு முதலில் வந்துவிட்டது. “வீட்ல” என்பதில் டகர மெய்யை அடுத்து லகரம் வருகிறது. நம் மெய்ம்மயக்க விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் குழந்தையின் கையில் இத்தாளைக் கொடுத்தால், தன் வீட்டுப் பேச்சே அதற்கு அந்நியமாகிவிடும். “படிக்கிறேன்” என்பதன் ஈற்று னகரத்தைப் பேச்சில் நாம் மூக்கொலியாக மட்டுமே விடுகிறோம். குழந்தை அதனை நா நுனியால் அழுத்தி ஒலித்தால், செவியால் கற்கவில்லை, தாளைப் பார்த்துக் கற்றது என்று தெரிந்துகொள்ளலாம். ஆகவே அறிமுகம் தாயின் வாயிலிருந்து குழந்தையின் காதுக்குச் செல்ல வேண்டும். தாள் தாயின் நினைவுக்காக மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, பெயர். தொல்காப்பியர் பிறப்பியலில் ரகரத்தையும் ழகரத்தையும் ஒன்றாகவே வைத்து, நுனிநாக்கு மேல்நோக்கி அண்ணத்தை வருடப் பிறப்பன என்கிறார். ழகரம் குழந்தைகளுக்குத் தாமதமாக வரும் ஒலிகளுள் ஒன்று. “யாளினி” என்றோ “யாயினி” என்றோ சொல்லும் பருவம் பலருக்கும் உண்டு. “என் பேரு யாழினி” என்ற வாக்கியத்தில் பெயர் இறுதியில் நிற்கிறது; குழந்தை நிறுத்தி, நேரமெடுத்துச் சொல்லலாம். “யாழினி ஆகிய நான்” என்று எழுதினால் பெயர் நடுவில் சிக்கி, விரைவில் மழுங்கும். அவை முதலில் கேட்க வேண்டியது பெயர்தான்.

மூன்றாவது, போலிமழலை. பெரியவர் தம் நகைச்சுவையைக் குழந்தையின் வாயில் ஏற்றிவிடுவதுண்டு. சொல்லி முடித்ததும் குழந்தை சிரிப்புக்காகக் காத்து நின்றால் அது பெரியவரின் வாக்கியம். “அதனால வீட்ல நான்தான் பேசுவேன்” என்பதற்கும் அவை சிரிக்கும். ஆனால் குழந்தைக்கு அது செய்தி, வேடிக்கையன்று. வீட்டில் கேட்டதையெல்லாம் சொல்லும் இயல்பும் குழந்தைக்கு உண்டு. கடனும் நோயும் சண்டையும் அவைக்கு வர வேண்டியதில்லை. எதைச் சொல்லலாம் என்று தேர்வது பெற்றோர் கடமை. எப்படிச் சொல்வது என்பதைக் குழந்தைக்கு விட்டுவிடலாம்.

இதற்கு வயது எல்லையும் உண்டு. மூன்றாம் வகுப்பு வரையில் இது பொருந்தும். அதற்குமேல் பிள்ளைகள் தாமே எழுதிக்கொள்ளட்டும். எந்த வழக்கு என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் போட்டிகளுக்கென இரண்டு விதிகளை முன்மொழிகிறேன். மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிரிவில் அறிமுகத்தை மதிப்பெண் கணக்கிலும் நேரக் கணக்கிலும் சேர்க்காதிருப்போம். அறிமுகம் முடிந்து குழந்தை மூச்சு வாங்கிய பின்னரே கடிகாரத்தைப் பார்ப்போம். அறிமுகத்தில் வீட்டு வழக்கு வந்தால், அது எந்த ஊர் வழக்காயினும், எந்தத் தெருவின் வழக்காயினும், உச்சரிப்புப் பிழையென்று எந்த நடுவரும் குறிக்காதிருப்போம். பள்ளிகளுக்கு அனுப்பும் அறிவிப்பிலேயே இவ்விரண்டையும் அச்சிட்டுவிட்டால், திருத்த வேண்டிய அச்சம் ஆசிரியருக்கும் இராது. செயற்குழு இதனை ஆய்ந்து முடிவெடுக்குமாறு கேட்டுக்கொண்டு அமைகிறேன்.