கீப்பர் கையைக் கட்டிப்போட்ட விதி

நம்ம மதுரை கிரவுண்டுகள்ல டிஃபென்டர் பின்னாடி தட்டிவிட்ட பந்தை கீப்பர் கையால எடுத்தா, "பேக்பாஸ்!"னு சத்தம் கேக்கும். 1992க்கு முன்னாடி அது தப்பே இல்ல.

1990 உலகக் கோப்பையில அயர்லாந்து–எகிப்து ஆட்டத்துல பந்து கீப்பர் கைக்கும் டிஃபென்டர் காலுக்குமே போய்ப்போய் வந்துச்சு. கடைசில 0–0. கீப்பர் கையில இருக்குற பந்தை யாரும் பறிக்க முடியாதே!

புது விதி பாஸைத் தடுக்கல, கையைத்தான் தடுத்துச்சு. சக வீரர் வேணும்னே காலால அனுப்புன பந்தை கையால தொட்டா, எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். தலையால கொடுத்தா பிரச்சினை இல்ல.

இப்போ ஃபார்வர்ட் தைரியமா கீப்பர் மேல ஓடலாம். ஆனா அவர் விட்டுட்டு வர்ற டிஃபென்டர் ஃப்ரீ ஆகிடுவார். கீப்பர் பதறாம அவருக்குப் பாஸ் கொடுத்தா, பில்ட்-அப் அங்கேயே ஆரம்பம்.