ஸ்ரீரங்கம் இரண்டு: பழைய நிரலும் யூனிட் டெஸ்ட்டும்



நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் யூனிட் டெஸ்ட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லூரியில் தேர்வுக்குப் படித்தும் இருப்பீர்கள். அதனால் அரிச்சுவடிக்குள் போகாமல், அதில் ஒரே ஒரு வகையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். பழைய நிரலில் கை வைப்பதற்கு முன்னால் எழுதுகிற டெஸ்ட் அது.

புது நிரலுக்கு டெஸ்ட் எழுதுவது பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். முதலில் டெஸ்ட், அப்புறம்தான் நிரல் என்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை வரியை டெஸ்ட் தொட்டது என்று பச்சைப் பட்டை போட்டுக் காட்டுகிறார்கள். இருக்கட்டும். எங்களிடம் திருச்சியில் வேலை வருவது அப்படி இல்லை. காந்தி மார்க்கெட் மொத்தக் கடையின் பில் போடும் புரோகிராம், உறையூரில் ஒரு சங்கத்தின் சீட்டுக் கணக்கு, இப்படித்தான் வரும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதியது. எழுதியவர் இப்போது பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். டெஸ்ட் ஒன்றுகூட இருக்காது. ஆனால் நிரல் தினமும் ஓடுகிறது, அதை நம்பிப் பணம் புரள்கிறது. அதில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும் என்பார்கள். அந்த இடத்தில் யூனிட் டெஸ்ட் என்ன தருகிறது என்பதுதான் என் பேச்சு.

இதைப் பற்றி நான் படித்தவற்றில் மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-ல் எழுதிய புத்தகத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-ல் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் போகும் விமானத்தில் ஜேயூனிட்டை எழுதினார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அவர்கள் கருவியைக் கொடுத்தார்கள். டெஸ்ட்டே இல்லாத பழைய நிரலில் அந்தக் கருவியை எப்படி நுழைப்பது என்று உட்கார்ந்து யோசித்தவர் ஃபெதர்ஸ். பழைய நிரல் என்றால் வயதான நிரல் இல்லை, டெஸ்ட் இல்லாத நிரல் என்பது அவர் கணக்கு. நேற்று எழுதியதும் டெஸ்ட் இல்லாவிட்டால் பழையதுதான்.

இனி ஒரு நிஜமான வேலையைச் சொல்கிறேன். ஒரு மாதப் பத்திரிகை. பெயர் வேண்டாம். சந்தாதாரர்களுக்கு முகவரிச் சீட்டு அச்சடிக்கும் நிரல் பைத்தானில் இருந்தது. முகவரியைப் பார்த்து ஊர்வாரியாகக் கட்டுப் பிரிக்கும்: திருவானைக்கோவில் என்றால் 620005, ஸ்ரீரங்கம் என்றால் 620006. எதிலும் சேராதது 'இதர' என்ற கட்டில் விழும். புகார் என்னவென்றால், கீழச் சித்திரை வீதியில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரில் ஒருவருக்குப் புத்தகம் நேரத்துக்கு வருகிறது, இன்னொருவருக்குத் தாமதமாகிறது. இரண்டாமவரின் சீட்டு 'இதர' கட்டில் இருந்தது. முகவரியைத் திரையில் பார்த்தோம். இரண்டிலும் ஸ்ரீரங்கம் என்றே இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான்.

நான் இப்போது வாயால் ஸ்ரீரங்கம் என்று சொல்கிறேன், உங்கள் காதில் ஒரே ஊர்தான் விழுகிறது. கண்ணுக்கும் ஒன்றுதான். கணினிக்கு மட்டும் இரண்டு. யூனிகோடில் 'ஸ்ரீ' என்பது நான்கு குறிகளின் தொடர். முன்பெல்லாம் முதல் குறி ஸ, அதாவது U+0BB8. 2005-ல் யூனிகோட் 4.1 வந்தபோது ஶ என்ற கிரந்த எழுத்துக்கு U+0BB6 என்ற தனி இடம் கிடைத்தது. அதிலிருந்து 'ஶ்ரீ' என்று எழுதுவதே முறை என்று ஆனது. ஆனால் பழைய முறை போய்விடவில்லை. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் விழும். நீங்கள் எந்த விசைப்பலகை மென்பொருளில் அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இதுவோ அதுவோ பதிவாகும். அந்தப் பத்திரிகையில் பாமினியிலிருந்து மாற்றிய பழைய முகவரிகள் ஸ. பின்னால் அடித்துச் சேர்த்தவற்றில் பல ஶ.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி சொன்னான்: "அண்ணே, யூனிகோட் நார்மலைசேஷன் போட்டாப் போதும்ணே." போதாது. கொ என்பதன் கொகரக் குறியை ஒரே குறியாக அடித்தாலும் ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்து அடித்தாலும் `unicodedata.normalize` ஒன்றாக்கிவிடும். இந்த இரண்டு ஸ்ரீயையும் அது ஒன்றாக்காது, ஏனென்றால் யூனிகோட் அட்டவணையில் அவை சமம் என்று பதியப்படவில்லை. "அப்ப ஶ வந்தா ஸ ஆக்கிடலாம், ஒரே வரிதானே" என்றான். ஒரே வரிதான். பழைய நிரலில் ஒரே வரி எத்தனை இடத்தைத் தொடும் என்பது எழுதிய ஆளுக்குத்தான் தெரியும், அவர் ஊரில் இல்லை. திருத்தத்துக்கு முன் டெஸ்ட் எழுதுவோம் என்றேன்.

யூனிட் டெஸ்ட் என்றால் நிரலின் ஒரு சின்னத் துண்டை, சாதாரணமாக ஒரு ஃபங்ஷனை, தனியாகக் கூப்பிட்டு, இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை வருகிறதா என்று கேட்பது. கோப்பைத் திறக்கக் கூடாது, பிரின்டரைத் தொடக் கூடாது, நெட்வொர்க்குக்குப் போகக் கூடாது. ஒரு டெஸ்ட் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டாலே அது மெதுவானது என்பார் ஃபெதர்ஸ். வேகம் ஏன் வேண்டும் என்றால், ஒவ்வொரு வரி மாற்றத்துக்கும் எல்லா டெஸ்ட்டையும் ஓட்ட வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகுமென்றால் யாரும் ஓட்ட மாட்டார்கள்.

எங்கள் ஃபங்ஷனை அப்படித் தனியாகக் கூப்பிட முடியவில்லை. அது தானே முகவரிக் கோப்பைத் திறந்தது. சந்தா முடிந்ததா என்று பார்க்க உள்ளேயே இன்றைய தேதியையும் எடுத்தது. இன்று பச்சை காட்டும் டெஸ்ட் அடுத்த மாதம் சிவப்பாகிவிடும். ஆகவே இரண்டே இரண்டு மாற்றம் செய்தோம். தேதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி ஆக்கினோம். கோப்பைப் படிக்கும் பகுதியைப் பிரித்து, ஒரு முகவரியை மட்டும் வாங்கும் ஃபங்ஷனைத் தனியாக்கினோம். இந்தக் கட்டத்தில் டெஸ்ட்டின் காவல் இன்னும் இல்லை. அதனால் வேறு எதையும் அழகுபடுத்தக் கூடாது. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: டெஸ்ட் எழுத வழி விடும் அளவுக்கு மட்டும்தான் கை வைக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு வரியும் கூடாது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி. ஃபங்ஷன் என்ன விடை தர வேண்டும் என்று யோசிக்காதீர்கள். என்ன விடை தருகிறது என்று கேளுங்கள். கீழச் சித்திரை வீதி முகவரியைக் கொடுத்து, எதிர்பார்க்கும் விடையாக வேண்டுமென்றே `xxx` என்று போட்டோம். டெஸ்ட் தோற்றது. தோற்கும்போது திரையில் `AssertionError: 'இதர' != 'xxx'` என்று வந்தது. நிரலே தன் விடையைச் சொல்லிவிட்டது. அந்த 'இதர'வை எடுத்து `xxx` இருந்த இடத்தில் வைத்தோம். டெஸ்ட் பச்சையானது. 'இதர' தப்பான விடை என்று தெரியும், தெரிந்தேதான் வைத்தோம். இந்த டெஸ்ட்டுக்குச் சரி, தப்பு கிடையாது. இன்று நிரல் எப்படி நடக்கிறதோ அதைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. இப்படியே அந்தக் கோப்பில் இருந்த மற்ற ஃபங்ஷன்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிடித்து வைத்தோம்.

இங்கே ஒரு பொறி உண்டு. டெஸ்ட்டுக்குள் ஸ்ரீரங்கம் என்று நேராக அடித்தால், உங்கள் விசைப்பலகை எந்த ஸ்ரீயைப் போட்டது என்று படிக்கிறவருக்குத் தெரியாது. பிடிக்க வந்த பிழை டெஸ்ட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அந்த நான்கு குறிகளை மட்டும் எண்ணாக எழுத வேண்டும்: பழையது `\u0bb8\u0bcd\u0bb0\u0bc0`, புதியது `\u0bb6\u0bcd\u0bb0\u0bc0`. அப்போது வித்தியாசம் கண்ணில் படும்.

இப்போது தம்பி சொன்ன அந்த ஒரே வரியைப் போட்டோம். முகவரியில் இடைவெளி, முற்றுப்புள்ளி, காற்புள்ளியை நீக்கும் `clean` என்ற ஃபங்ஷனில்தான் அது போனது. டெஸ்ட்களை ஓட்டினோம். இரண்டு சிவப்பாயின. ஒன்று நாம் எதிர்பார்த்தது: 'இதர' இருந்த இடத்தில் 620006 வந்தது. இன்னொன்று யாரும் எதிர்பாராதது. சந்தா எண் உண்டாக்கும் `subscriber_key` என்ற ஃபங்ஷனின் டெஸ்ட்.

அந்த நிரலில் சந்தா எண் என்பது பெயரின் முதல் நான்கு குறி, கதவு எண், சந்தா தொடங்கிய வருஷம், இந்த மூன்றும் சேர்ந்தது. பெயரைச் சுத்தம் செய்ய அதுவும் அதே `clean`-ஐத்தான் கூப்பிட்டது. ஶ்ரீனிவாசன் என்ற பெயரில் முதல் நான்கு குறி எது? ஶ, புள்ளி, ர, ஈகாரக் கொக்கி. முழு 'ஶ்ரீ'யும் அதுதான். ஆகவே திருத்தத்துக்குப் பிறகு ஶ்ரீனிவாசன், ஶ்ரீதரன், ஶ்ரீவித்யா எல்லோருடைய சந்தா எண்ணும் மாறிவிடும். ரசீதுக் கோப்பில் பழைய எண். முகவரிக் கோப்பிலிருந்து உண்டாவது புது எண். பணம் கட்டியவர்கள் கட்டாதவர்களாகத் தெரிவார்கள். அச்சடித்த சந்தா எண்ணை எடுத்து நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

பழைய நிரலை மாற்றுகிறவருக்கு யூனிட் டெஸ்ட் தருவது இதைத்தான். நாம் மாற்ற நினைத்தது மாறியதா என்பதைவிட, நாம் நினைக்காதது எது மாறியது என்று அது சொல்கிறது. மறுபடி சொல்கிறேன்: நினைக்காதது எது மாறியது. அச்சடித்துப் பார்த்து, திரையில் பார்த்து, நாலு முகவரியை ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

திருத்தத்தை `clean`-இலிருந்து எடுத்து, ஊரைப் பார்க்கும் ஃபங்ஷனுக்குள் மட்டும் வைத்தோம். மறுபடி ஓட்டியபோது ஒன்றுதான் சிவப்பு, நாம் வேண்டிய அந்த ஒன்று. அதில் 'இதர'வை அழித்து 620006 என்று எழுதினோம். எதிர்பார்ப்பை மாற்றிய அந்த வரியும் நிரலைத் திருத்திய வரியும் ஒரே கமிட்டில் போக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு, இது தெரிந்தே மாற்றியது என்று புரியும்.

இதற்கு எல்லை உண்டு. நீங்கள் கொடுக்காத உள்ளீட்டைப் பற்றி டெஸ்ட் வாய் திறக்காது. ஶ்ரீனிவாசன் என்ற பெயரை நாங்கள் டெஸ்ட்டில் வைத்திருக்காவிட்டால், கணேசன், மேரி, காதர் என்று மட்டும் வைத்திருந்தால், எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கும். அதனால் உள்ளீட்டைக் கற்பனையில் தேடாமல், நிஜமான கோப்பிலிருந்து வினோதமானவற்றைப் பொறுக்க வேண்டும்: கதவு எண் இல்லாதது, ஊர்ப் பெயர் நடுவில் வருவது, இனிஷியல் பின்னால் இருப்பது. தமிழ் எழுத்தைக் கையாளும் ஃபங்ஷன்களுக்கு டெஸ்ட் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க விரும்பும் இளைஞர்கள், முத்து அண்ணாமலை முன்னின்று தொடங்கிய open-tamil தொகுப்பைத் திறந்து அதில் `tests` அடைவைப் படியுங்கள்.

அந்தப் பத்திரிகையின் டெஸ்ட்களில் இன்னும் ஒன்று 'இதர' என்ற விடையோடு பச்சையாகவே நிற்கிறது. முகவரியில் திருவரங்கம் என்று எழுதுகிறவர்களுக்கானது அது. அதையும் 620006-ல் சேர்க்கலாமா என்பது நிரல் எழுதுகிறவர் முடிவு செய்யும் விஷயம் இல்லை, ஏனென்றால் சென்னையில் திருவரங்கம் தெரு என்று எழுதுகிறவரும் பட்டியலில் இருக்கலாம். சந்தாப் பிரிவு பார்த்துச் சொன்னதும் அந்த ஒரு டெஸ்ட்டின் எதிர்பார்ப்பை முதலில் மாற்றிவிட்டு, பிறகு நிரலுக்குப் போவோம்.